உயிர் போகிற இடம் புள்ளிதான்: எழுத்து வில்லைக் கேள்வி-பதில்

முப்பரிமாண அச்சுப்பொறியில் பிளாஸ்டிக் இழையை உருக்கிப் பிள்ளைகளுக்கு அச்சடிக்கிற தமிழ் எழுத்து வில்லைகளைப் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புள்ளியைப் பற்றியவை. மெய்யெழுத்துப் புள்ளி உடைகிறது, ஒட்டவில்லை, காணாமல் போகிறது என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் விரிவாகப் பதில் இருக்கிறது. மற்றவற்றைச் சுருக்கமாகவே முடிக்கிறேன்.

என் மகனுக்கு இரண்டு வயது. 4 சென்டிமீட்டர் வில்லை போதுமா? – பீடோரிலிருந்து ஒரு தாயார்

போதாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் ஏறக்குறைய 32 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கக் கூடியது என்று கணக்கு. உங்கள் 4 சென்டிமீட்டர் வில்லை அதில் அடங்காதுதான். ஆனால் பாதியாக உடைந்தால் அந்தப் பாதி அடங்கிவிடும். 6 சென்டிமீட்டர் சதுரம், 6 மி.மீ. கனம் என்று வையுங்கள். பிள்ளை விரலால் எழுத்தைத் தடவிப் பார்ப்பதற்கும் அந்த அளவு வேண்டும். வீட்டில் சோதிக்க டிஷ்யூ சுருளின் உள்ளட்டைக் குழாய் போதும். அது அந்த உருளையைவிடச் சற்று அகலம், ஆகவே அதற்குள் போகாதது தாராளமாகப் பாதுகாப்பான அளவு. உடைந்த துண்டையும் அதில் போட்டுப் பாருங்கள். முழு வில்லையை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள்.

விளிம்பு எல்லாம் உருட்டினேன். மேலே அழகாக வந்தது, அடியில் நூல் நூலாகத் தொங்குகிறது. – கூலிம் வாசகர்

அடி விளிம்பை உருட்டக் கூடாது. உருட்டு வளைவு அச்சுத் தட்டுக்கு அருகில் ஏறக்குறையக் கிடைமட்டமாகத் தொடங்குகிறது, அதனால் முதல் சில அடுக்குகள் அந்தரத்தில் அச்சாகித் தொய்ந்துவிடும். அடியில் 45 பாகைச் சாய்வு வெட்டு 1 மி.மீ. கொடுங்கள். அது தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். முதல் அடுக்கு பிதுங்கி உண்டாகிற கூர்மையான உதடும் அந்தச் சாய்வுக்குள் அடங்கிப்போகும். மூலைகளுக்கு 8 மி.மீ. ஆரம் வையுங்கள். ஓபன்ஸ்கேட் வடிவமைப்புச் செயலியில் இவ்வளவுதான்:

```
$fn = 64;
hull() for (x=[8,52], y=[8,52])
  translate([x,y,0]) {
    cylinder(h=1, r1=7, r2=8);
    translate([0,0,1]) cylinder(h=4, r=8);
    translate([0,0,5]) cylinder(h=1, r1=8, r2=7);
  }
```

அச்சு எடுத்த பிறகு 240, அப்புறம் 400 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து விளிம்பை ஒரு சுற்றுத் தேயுங்கள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரியாது, உதட்டில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் அங்கேதான் வைப்பார்கள்.

'க்' வில்லையில் புள்ளி இரண்டாவது நாளே பெயர்ந்துவிட்டது. சூப்பர் குளூ போட்டு ஒட்டிக் கொடுத்தேன். சரிதானே? – பாகான் செராய் பாலர்பள்ளி ஆசிரியை

சரியில்லை, அம்மா. அந்த வில்லையை இன்றே எடுத்துவிடுங்கள். ஒட்டிய புள்ளி மறுபடியும் பெயரும், அடுத்த முறை அது உங்கள் கண்ணில் படாது.

நான் இதைச் சும்மா சொல்லவில்லை. நானும் முதலில் அதே தவற்றைச் செய்தவன்தான். எங்கள் தோட்டத்துப் பாலர்பள்ளி ஒன்றுக்கு 31 வில்லைகள் அச்சடித்துக் கொடுத்தேன்: உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. ஒரு வாரம் கழித்துப் போனேன். நாலு வயதுப் பையன் ஒருவன் 'ம்' வில்லையைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். எழுத்தின் மேல் புள்ளி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டத் தழும்பு. புள்ளி எங்கே என்று கேட்டேன். வாயைத் திறந்தான், நாக்கின் மேல் இருந்தது. 3 மி.மீ. விட்டம், 3 மி.மீ. உயரம், நெல்மணியைவிடச் சின்னது. அன்றைக்குப் புறப்படும்போது எல்லா மெய்யெழுத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ரோமன் எழுத்துக்கு யாரோ செய்த மாதிரியை எடுத்து, அதில் எழுத்துருவை மட்டும் மாற்றித் தமிழ் வில்லை என்று கொடுப்பவர்களோடு எனக்கு இருக்கிற சண்டை இதுதான். ஆங்கிலப் பெரிய எழுத்து இருபத்தாறிலும் தனியாக நிற்கிற துண்டு ஒன்றுகூட இல்லை. நம்முடைய 31-இல் மெய்க்குப் பதினெட்டு, ஆய்தத்துக்கு மூன்று, 'ஈ'க்கு இரண்டு என்று இருபத்து மூன்று புள்ளிகள் தனித்து நிற்கின்றன. நம் எழுத்துக்கு வடிவமைக்கிறவர் புள்ளியில் தொடங்கி அப்புறம்தான் மற்றதற்கு வர வேண்டும்.

ஏன் பெயர்கிறது என்று பாருங்கள். அச்சு அடுக்கின் மேல் அடுக்காக ஏறுகிறது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே உள்ள பிடிப்புதான் பலவீனமான இடம். புள்ளி ஒரு குட்டித் தூண் மாதிரி நிற்கிறது. பல் பட்டோ நகம் பட்டோ பக்கவாட்டில் தள்ளினால் அடியோடு முறிகிறது. போதாக்குறைக்கு, அச்சுப்பொறியின் முனை எழுத்தை முடித்துவிட்டு ஒவ்வோர் அடுக்கிலும் இந்தத் தீவுக்குத் தாவி வருகிறது. இழையைப் பின்னிழுத்துவிட்டு வந்து தொடங்குவதால் முதல் துளி குறைவாகவே விழும். பெரிய எழுத்தில் அந்தக் குறை தெரியாது. புள்ளி முழுவதுமே அந்த முதல் துளிதான்.

இழை ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த இழை ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. முனையில் பொரிகிற மாதிரி சடசடவென்று சத்தம் கேட்டாலோ, எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே முடி முடியாக இழை படிந்தாலோ ஈரம் என்று அர்த்தம். பி.எல்.ஏ. இழையை 45 முதல் 50 பாகைச் சூட்டில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்திவிட்டு அச்சடியுங்கள்.

சரி, என்ன செய்வது? புள்ளியின் அடி விட்டத்தை 7 மி.மீ., தலையை 5 மி.மீ. என்று கூம்பாக வையுங்கள். உயரம் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம், எழுத்தையும் அதே உயரத்தில் நிறுத்துங்கள். 3 மி.மீ. புள்ளி வில்லையைப் பிடித்திருக்கும் பரப்பு சுமார் 7 சதுர மி.மீ.; 7 மி.மீ. புள்ளிக்கு அது 38. ஐந்து மடங்குக்கு மேல். உயரமும் குறைந்துவிட்டதால் பல்லுக்குப் பிடி கிடைக்காது, சாய்ந்த பக்கத்தில் நகம் வழுக்கிவிடும். எழுத்தின் கோட்டை 4 மி.மீ. அகலத்தில் வைத்து, புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டால் புள்ளி புள்ளியாகவே தெரியும். புள்ளியையும் எழுத்தையும் வில்லைக்குள் அரை மி.மீ. புதைத்து வையுங்கள், மேலே சும்மா தொட்டபடி வைத்தால், மாதிரியை அடுக்குகளாக வெட்டித் தருகிற ஸ்லைசர் இரண்டையும் தனித் துண்டுகளாக எடுத்துக்கொள்ளக்கூடும். 'ஈ'யில் இடம் நெருக்கடி என்பதால் புள்ளிக்கு 5 மி.மீ. தான் கிடைக்கும். அங்கே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், புள்ளியைக் குறைக்காதீர்கள்.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு புள்ளியையும் கட்டைவிரல் நகத்தால் நாலு பக்கமும் தள்ளுங்கள். அப்புறம் பிளையரால் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்துங்கள். மேசை உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் பத்துத் தடவை போடுங்கள். அடியைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தாலும் அந்த வில்லை குப்பைக்குத்தான். ஒட்டுவது என்ற பேச்சே வேண்டாம்.

சரியாக வரவில்லை, என்ன செய்ய? – பெயர், ஊர் இல்லை

எது வரவில்லை? எந்த எழுத்து, என்ன இழை, எத்தனை மி.மீ. கோடு என்று எதுவும் எழுதவில்லை, படமும் இல்லை. இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன். 'இ', 'ஞ' போன்றவற்றின் உள் இடைவெளி அடைபடுகிறது என்பதுதான் உங்கள் குறை என்றால், தடித்த எழுத்துருவை விட்டு மெல்லியதற்கு மாறுங்கள். உள்ளே 2 மி.மீ.யாவது வெற்றிடம் இருக்கட்டும்.

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்ட, பின்னால் காந்தம் பதிக்கலாமா? – பகாவ்

கூடாது. இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். எவ்வளவு ஆழமாகப் பதித்தாலும் கூடாது.

'கொ' என்று தட்டினால் கொம்பு வலப்பக்கம் போய் உட்காருகிறது. – தாப்பா இளைஞர்

உங்கள் செயலி எழுத்துக் கோவையைக் கையாளவில்லை. திரையில் தெரிந்ததை அப்படியே அச்சடித்துப் பிள்ளைக்குக் கொடுத்திருப்பீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இங்க்ஸ்கேப்பில் Noto Sans Tamil எழுத்துருவில் தட்டி, Path > Object to Path கொடுத்து, SVG ஆகச் சேமித்து உள்ளே கொண்டு வாருங்கள். கொம்பு, கால் ஆகியவற்றைத் தனி வில்லையாக்கி அடுக்கச் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகாரத்துக்கும் ஐகாரத்துக்கும் அது சரிப்படும். உகர ஊகாரத்துக்குச் சரிவராது. கு, சு, டு, து என்று ஒவ்வொன்றுக்கும் வடிவம் மாறுகிறதல்லவா? அந்த 36-ஐயும் முழு எழுத்தாகவே அச்சடியுங்கள்.

காரில் வைத்திருந்த வில்லைகள் படகு போல வளைந்துவிட்டன. – கோலசிலாங்கூர்

பி.எல்.ஏ. 60 பாகையில் இளகும். நண்பகலில் மூடிய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். வளைந்த வில்லையில் புள்ளியின் அடியும் தளர்ந்திருக்கும், அதை மறுபடி நிமிர்த்தாதீர்கள். வண்டியில் கொண்டு போக வேண்டியிருந்தால் பி.இ.டி.ஜி. இழையில் அச்சடியுங்கள், அதற்கு இன்னும் இருபது பாகை தாங்கும்.

பள்ளிச் சந்தையில் விற்கலாமா? – சுங்கை சிப்புட்

நம்ம ஊர்க்காரர் என்பதற்காகச் சலுகை கிடையாது. வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. மலேசியாவில் விளையாட்டுப் பொருள்களுக்கு 2009ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறை இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் சோதித்து, அதற்கான முத்திரை பெற்ற பிறகே விற்க வேண்டும். அதுவரை பணத்தை வாங்காதீர்கள்.

என் பேத்திக்குப் பழைய துதிக்கை 'ணை', 'லை' அச்சடித்துத் தருவீர்களா? – ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

தருகிறேன், ஐயா. தமிழ்நாட்டில் 1978-இல் மாற்றிய அந்தப் பதின்மூன்று எழுத்துகளும் எனக்கும் பிடித்தவை. ஆனால் பேத்தி பள்ளியில் படிப்பது புதிய வடிவம். ஆகவே ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் புதியது என்று செய்ய மாட்டேன், இரண்டு பக்கமும் எழுத்து எழும்பி நின்றால் வில்லை தட்டையாக அமராது. தனிப்பெட்டியில், வேறு நிறத்தில் தருகிறேன். இந்த எழுத்துகளில் புள்ளி ஒன்றும் இல்லை என்பதால் இந்த வாரமே அச்சுக்குப் போய்விடும்.