ட்ரெண்டில் குதிக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

திங்கட்கிழமை ஒரு ட்ரெண்டைப் பார்த்து யோசனை சொல்கிறேன். முதலாளி ஓகே சொல்வதற்குள் வெள்ளி ஆகிவிடுகிறது. பிறகு போட்டால் எடுபடவில்லை. (ஜவுளிக்கடை, சேலம்)

வெள்ளிக்கிழமை ஓகே வந்தால் போடாதீர்கள். மேட்ச், மின்தடை மாதிரி ஒரே நாள் சம்பவத்துக்குச் சில மணி நேரம்தான் ஆயுள். ஆடியோவும் ஃபார்மட்டும் ஒரு வாரம் பத்து நாள் தாங்கும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பாவே ஃபார்வர்ட் செய்துவிட்டார் என்றால் அது முடிந்த ட்ரெண்ட்.

அமெரிக்காவின் 2013 சூப்பர் பவுல் கால்பந்து இறுதி ஆட்டத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் விளக்கு அணைந்தது. அந்த நேரத்துக்குள்ளேயே, இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் நனைக்கலாம் என்று ஓரியோ ட்வீட் போட்டது. ஓகே சொல்ல வேண்டிய கம்பெனி ஆட்களும் ஏஜென்சிக்காரர்களும் அன்று ஒன்றாக உட்கார்ந்திருந்ததால்தான் அது முடிந்தது. உங்கள் முதலாளியிடம் ட்ரெண்டுக்கு ட்ரெண்ட் அனுமதி கேட்காதீர்கள். எதையெல்லாம் கேட்காமல் போடலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒரே முறை கையெழுத்து வாங்குங்கள்.

ஒரு அரசியல் தலைவரின் மேடைப் பேச்சு வைரல். அதை வைத்து எங்கள் மெத்தைக்கு ஒரு ரீல் போடலாமா?

வேண்டாம். அவர் முகம், அவர் குரல், எதிர்க்கட்சிக்காரரான உங்கள் வாடிக்கையாளர் என்று மூன்று வம்பு ஒரே ரீலில்.

பிசினஸ் அக்கவுன்டில் ட்ரெண்டிங் சினிமாப் பாட்டு வரவில்லை. கிரியேட்டர் அக்கவுன்டாக மாற்றினால் வருகிறது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தப்பா? (ஸ்வீட் ஸ்டால், மதுரை)

தப்பு. இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி இதே கேள்விதான். பிசினஸ் அக்கவுன்டுக்குப் பாட்டு வராதது ஆப்பின் கோளாறு இல்லை. இன்ஸ்டாகிராம் பாட்டுக் கம்பெனிகளோடு போட்டிருக்கும் ஒப்பந்தம், ஆட்கள் சொந்த சந்தோஷத்துக்குப் போடும் வீடியோவுக்கானது. கடை வியாபாரத்துக்கானது இல்லை. அக்கவுன்டின் வகையை மாற்றினால் பாட்டு கைக்கு வரும், உரிமை வராது. உங்கள் மைசூர்பா ரீல் எந்த அக்கவுன்டில் ஓடினாலும் விளம்பரம்தான்.

‘15 விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை’ என்கிறார்கள். அப்படி ஒரு விலக்கு சட்டத்தில் கிடையாது. ‘ஒரிஜினல் ஆடியோ என்றுதானே போட்டிருக்கிறது’ என்பது அடுத்த சால்ஜாப்பு. யாரோ ஒருவர் சினிமாப் பாட்டைத் தன் வீடியோவில் சேர்த்து ஏற்றினால், அதுவும் அவர் பெயரில் ஒரிஜினல் ஆடியோ என்றே காட்டும். ரீலின் அடியில் ஆடியோ பெயரைத் தொட்டு, வரும் பக்கத்தில் முழுசாகக் கேளுங்கள். பின்னணியில் தெரிந்த மெட்டு கேட்டால் விடுங்கள். நம் ஊர்ப் பாடகரை வைத்துத் திரும்பப் பாடவைத்தாலும் தப்பிக்க முடியாது. ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, இசைக்கும் வரிகளுக்கும் தனி உரிமை. பாடகரை மாற்றினால் முதலாவது சிக்கல்தான் தீரும்.

என்ன நடக்கும்? பல நேரம் ரீல் மௌனமாகிவிடும். பூஸ்ட் போகாது, ஏனென்றால் பிறர் உரிமையுள்ள பாட்டு இருக்கும் ரீலை விளம்பரமாக ஓட்ட விடமாட்டார்கள். அதோடு நிற்கும் என்று நினைத்தால் பெரிய கம்பெனிகளைப் பாருங்கள். 2024 மே மாதம் மாரியட் ஹோட்டல் குழுமத்தின் மேல் சோனி மியூசிக் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 900க்கு மேற்பட்ட பதிவுகளில் அனுமதியில்லாமல் பாட்டு என்பது குற்றச்சாட்டு. ஹோட்டல் சார்பில் இன்ஃப்ளுயன்சர்கள் போட்டவையும் அதில் அடக்கம். சில மாதங்களில் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. ஆனால் பழைய ரீல்கள் எண்ணப்பட்டன என்பதைக் கவனியுங்கள். ட்ரெண்ட் ஒரு வாரத்தில் செத்துவிடும், உங்கள் பக்கத்தில் அந்த ரீல் வருஷக்கணக்கில் சாட்சியாக நிற்கும்.

மதுரைக்காரர் செய்ய வேண்டியது இது. ட்ரெண்டில் உண்மையில் ஓடுவது பாட்டா, காட்சியா என்று முதலில் பாருங்கள். கையால் ஒரு தட்டு தட்டியதும் அடுக்கி வைத்த பொருள் மாறிவிடும் கட் என்றால் பாட்டே தேவையில்லை. பாகு கம்பிப் பதம் வரும் சத்தம், கடலைமாவு நெய்யில் பொங்கும் சத்தம், கத்தி இறங்கும் சத்தம் ஆகியவற்றைப் போனை அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, மின்விசிறியை அணைத்துப் பதிவு செய்யுங்கள். அது உங்கள் சொந்த ஆடியோ. இசை வேண்டுமென்றால் இன்ஸ்டாகிராமின் தாய்க் கம்பெனியான மெட்டாவின் Sound Collection என்ற இசைத் தொகுப்பில் எடுங்கள். பாட்டு இல்லாமல் ட்ரெண்டே நிற்காது என்றால், பாட்டுக் கம்பெனியிடம் எழுத்தில் லைசென்ஸ் வாங்குங்கள். இல்லையென்றால் அந்த ட்ரெண்ட் உங்களுக்கு இல்லை. ஏஜென்சி ‘நாங்க பாத்துக்கறோம்’ என்றால் அந்த வாக்கியத்தை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஒலிம்பிக்ஸில் பதக்கம் வென்றவருக்கு எங்கள் லோகோவோடு வாழ்த்துப் போடுவதில் என்ன ஆபத்து?

லோகோதான் ஆபத்து. 2021 டோக்கியோவில் பி.வி. சிந்து வெண்கலம் வென்றதும் அவர் படத்தோடு வாழ்த்துப் போட்ட பல பிராண்டுகளுக்கு, அவருடைய மேலாண்மை நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் விடும் வேலையில் இறங்கியது. அவரோடு காசு கொடுத்து ஒப்பந்தம் போட்ட பிராண்டுகள் தனியே இருந்தன. நம் ஊரிலும் 2015இல் ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்துவதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. படம், பெயர், பொருள் மூன்றும் ஒரே கார்டில் வந்தால் அது வாழ்த்து இல்லை, இலவச விளம்பரத் தூதர்.

ஒரு ஹேஷ்டேக் முதலிடத்தில் ஓடுகிறது. எங்கள் பீட்சாவைச் சேர்த்துப் போட்டால் ரீச் வருமா?

வரும், எந்த மாதிரி என்பதுதான் கேள்வி. 2014 செப்டம்பரில் `#WhyIStayed` ஓடியபோது அமெரிக்காவின் டிஜியோர்னோ பீட்சா, ‘பீட்சா இருந்ததே’ என்று ஒரு வரி போட்டது. கணவனிடமோ காதலனிடமோ அடிவாங்கிய பெண்கள், ஏன் விலகாமல் இருந்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஹேஷ்டேக் அது. சில நிமிடங்களில் நீக்கினார்கள், தனித்தனியாக மன்னிப்பும் கேட்டார்கள். போடுவதற்கு முன் அது என்னவென்று தாங்கள் படிக்கவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன விளக்கம்.

எனவே, முதல் பதிவைத் தேடிப் படியுங்கள். ‘டாப்’ பகுதியோடு நிற்காமல் ‘லேட்டஸ்ட்’ பகுதியில் முப்பது நாற்பது பதிவாவது பாருங்கள். அதில் ஒன்றில் மரணமோ அடியோ சாதியோ இருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

நாங்கள் பம்ப்செட் கம்பெனி. ஜென் ஸீ பேச்சில் ரீல் போட்டால் சிரிக்கிறார்கள். (கோயம்புத்தூர்)

வாங்குபவர் விவசாயி, பரிந்துரைப்பவர் ஃபிட்டர், விற்பவர் டீலர். மூவரும் அப்படிப் பேசுவதில்லை, அதனால் ஒட்டாது. பேச்சை எடுக்காதீர்கள், ஃபார்மட்டை எடுங்கள். ‘நாங்க இன்ன வேலை, அப்ப இதைச் செய்யாம இருப்போமா’ என்று ஒரு ஃபார்மட் ஓடியதே, அதில் நிஜ ஃபிட்டர்களை நிறுத்துங்கள். “நாங்க ஃபிட்டருங்க, கெணத்தை எட்டிப் பாக்காம ஹெச்பி சொல்ல மாட்டோம்.” “தண்ணி இல்லாம மோட்டார் ஓடுச்சான்னு கேக்காம கழட்ட மாட்டோம்.” இதைச் சொல்ல அவர்களுக்கு எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒட்டுமா என்று சோதிக்க, லோகோவை மறைத்து அங்கே ஒரு சோப்புக் கம்பெனி லோகோவை வைத்துப் பாருங்கள். அப்போதும் ரீல் சரியாக இருந்தால் அது உங்களுடையது இல்லை.

எந்த ட்ரெண்டில் சேர்ந்தால் சேல்ஸ் ஏறும்? உடனே சொல்லவும்.

என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், வாங்குபவர் யார் என்று ஒரு வரியும் இல்லை. எழுதிவிட்டு மறுபடி கேளுங்கள்.

பேருந்தில் அழுத ஒரு பெரியவரின் வீடியோ வைரல். எங்கள் ஆஸ்பத்திரி பக்கத்தில் பகிரலாமா?

அவரிடமோ குடும்பத்திடமோ எழுத்தில் சம்மதம் வாங்காமல் கூடாது. முகத்தை மங்கலாக்கினால் போதும் என்பதும் சரியில்லை. ஊரே பார்த்த முகம் அது.

போட்டாயிற்று, திட்டு விழுகிறது. நீக்கினால் பயந்துவிட்டோம் என்பார்களே?

யாரையாவது புண்படுத்தியிருந்தால் நீக்குங்கள், எதற்காக நீக்கினீர்கள் என்று இரண்டு வரி அதே பக்கத்தில் போடுங்கள். ‘மனம் புண்பட்டிருந்தால்’ என்று எழுதாதீர்கள். என்ன தப்பு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஏற்கெனவே திட்டமிட்டு ஷெட்யூல் செய்த பதிவுகளை அன்றே நிறுத்துங்கள். மன்னிப்புக்குக் கீழே அரை மணி நேரத்தில் ‘ஆடித் தள்ளுபடி’ வந்து விழுவதைப் பல கடைகள் கவனிப்பதே இல்லை. வெறுமனே ஜோக் எடுபடவில்லை என்றால் அப்படியே விடுங்கள், நாளைக்கு யாருக்கும் நினைவிருக்காது.