தாத்தாவின் நினைவு நாளில் என்ன பேசுவது?

*அடுத்த மாதம் தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். பேரன் பேத்திகள் சார்பில் நான் மூன்று நிமிஷம் பேச வேண்டும். 'எங்கள் தாத்தா அன்பானவர், நேர்மையானவர், கடும் உழைப்பாளி, கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதவர்' என்று எழுதி அப்பத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சின்ன வயதில் தாத்தாவோடு ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனதெல்லாம் ஞாபகம் வருகிறது. அதையெல்லாம் மேடையில் சொல்லலாமா?*
*– ஒரு பேத்தி, மேலூர் பக்கம்*

தாராளமாகச் சொல்லலாம். சொல்ல வேண்டியதே அதுதான். அந்த நான்கு குணங்களையும் உங்கள் ஊரில் யார் படத்துக்கு முன்னால் வாசித்தாலும் பொருந்தும். கூடவே வாழ்ந்த அப்பத்தாவுக்கு அதில் தன் வீட்டுக்காரர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு குணத்துக்குப் பக்கத்திலும், 'இதை நான் எங்கே, எப்போது கண்ணால் பார்த்தேன்?' என்று எழுதுங்கள். பதில் வராததை அடித்துவிடுங்கள். தாத்தாவின் உழைப்பைக் கூட நின்று பார்த்தவர் உங்கள் அப்பா என்றால், அதை அவரே பேசட்டும்.

நேர்மைக்கான பதில் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இங்கே அச்சிட இடமில்லாத அந்தப் பக்கத்தை வைத்து இப்படி எழுதிப் பார்த்தேன்:

"நாலாம் வகுப்பு அரையாண்டு லீவில் தாத்தா என்னை ராத்திரி வயலுக்குக் கூட்டிப் போனார். எங்கள் முறை இரண்டு மணி வரைக்கும். மேல்வயல் நிறைந்துவிட்டது. கீழ்வயலில் பாதி காய்ந்து கிடந்தது. தாத்தா கைக்கடிகாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். மண்வெட்டியால் நாலு வெட்டு மண் அள்ளிப் போட்டு எங்கள் மடையை அடைத்தார். அடுத்த வயலின் மடையையும் அவரே திறந்துவிட்டார். 'அவுகதான் இன்னும் வரலையே தாத்தா' என்றேன். 'அவுக வராட்டி என்ன, அவுக தண்ணி வந்துருச்சுல்ல' என்றார்."

இங்கே நிறுத்திவிடுங்கள். 'இதுதான் எங்கள் தாத்தாவின் நேர்மை' என்று அடுத்த வரி எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். பெரியாறு கால்வாயில் கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். கடைமடையில் பாதி வயல் காய்ந்து கிடக்கும்போது மடையை அடைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்றால், 'எங்கள் ஊரில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள்' என்று ஒரே ஒரு வரியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் நுழைத்தால் கதை அறுந்துவிடும்.

அன்புக்கும் அதே ராத்திரி போதும். "திரும்பி வரும்போது வரப்பில் தாத்தா முன்னால் போனார். டார்ச்சைப் பின்பக்கம் திருப்பி என் காலுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டே நடந்தார்." உங்கள் கடிதத்தில் இதை அடுத்து 'தியாகம்' என்ற சொல் வருகிறது. அதை மட்டும் எடுத்துவிடுங்கள். இருட்டில் வரப்பில் நடந்து பழகியவர்களுக்கு அந்த டார்ச்சே போதும்.

கடைசிக் குணத்தில்தான் கவனம் வேண்டும். ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தாத்தா பணம் கொடுத்ததை எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதரும் அன்றைக்குப் பந்தலில் இருப்பார். பெயரை விட்டுவிட்டுச் சொன்னாலும் ஊருக்கு ஆள் தெரியும். தாத்தா யார் காதுக்கும் போகாமல் கொடுத்ததை நீங்கள் மைக்கில் சொல்ல வேண்டாம். அவரே எழுந்து சொல்ல விரும்பினால் அது வேறு.

அந்த இடத்துக்கு அப்பத்தாவிடம் கேளுங்கள். 'தாத்தா எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'நல்ல மனுசன்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் என்ன செய்வார், எதைக் கண்டால் சத்தம் போடுவார், சந்தைக்குப் போனால் சொல்லாமலேயே எதை வாங்கி வருவார் என்று கேளுங்கள். கோபத்தையும் விட வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சின்னக் கோபம் ஒன்று இருந்தால்தான் மற்றதையும் நம்பிக் கேட்பார்கள். இன்றைக்கும் யார் மனதிலாவது ஆறாமல் இருக்கும் சண்டை என்றால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

முறை முடிந்தது இரண்டு மணிக்கா மூன்று மணிக்கா என்று அப்பாவிடம் ஒருமுறை சரிபாருங்கள். அந்த அடுத்த வயல்காரர் வீட்டிலிருந்தும் ஆள் வந்திருக்கும். அவர்களுக்கும் உங்கள் வீட்டில் யாருக்கும் தீராத தகராறு ஏதும் இல்லையே என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நிமிஷத்துக்கு இந்த ராத்திரியும் அப்பத்தா சொல்லும் ஒன்றும் சேர்ந்தாலே நிறைந்துவிடும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு இரண்டு மூன்று தடவை வாசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த இடத்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டு வையுங்கள், மூச்சு வாங்கிக்கொண்டு தொடரலாம். பெரிய எழுத்தில் இன்னொரு பிரதி எடுத்துத் தம்பி கையிலும் கொடுத்து வையுங்கள். உங்களால் முடியாவிட்டால் விட்ட வரியிலிருந்து அவர் வாசிக்கட்டும்.