குழந்தையின் பேதியில் ரத்தமும் சளியும்: எவ்வளவு அவசரம்?

கேள்வி: என் பையனுக்கு ஒன்றே கால் வயது, ஒன்பது கிலோ. நேற்று மாலையிலிருந்து பேதி. இன்று காலை சளியோடு ரத்தமும் தெரிந்தது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று மாமியார் சொல்கிறார். வீட்டிலேயே ஒரு நாள் பார்க்கலாமா, உடனே போக வேண்டுமா?

இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி, ரத்தம் ஒரு கோடு மாதிரி மட்டும் தெரிந்தாலும் சரி. தண்ணியாகப் போகிற சாதாரண பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது. நீர்ச்சத்தைப் பார்த்துக்கொண்டால் தானாக நின்றுவிடும். ரத்தமும் சீதமும் கலந்து வந்தால் அது வேறு கணக்கு. நான் குழந்தைகள் வார்டில் செவிலியராக வேலை செய்கிறேன். அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

இந்த வயதில் சீதபேதிக்கு முக்கியக் காரணம் ஷிகெல்லா என்ற பாக்டீரியா. அது பெருங்குடலின் உட்சுவரில் புகுந்து புண்ணாக்குகிறது. அந்தப் புண்ணிலிருந்துதான் ரத்தமும் சளியும் வருகின்றன. அதனால்தான் காய்ச்சல் அடிக்கிறது, குழந்தை முக்கி முக்கிக் கொஞ்சமாகப் போகிறது, போய் முடித்த பிறகும் அழுகிறது. இதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை எடை பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மெட்ரோனிடசோல் சிரப்பை ஊற்றாதீர்கள். அது அமீபாவுக்கான மருந்து, ஷிகெல்லாவைத் தொடாது. சின்னக் குழந்தைகளுக்கு அமீபாவால் சீதபேதி வருவது குறைவு. பேதியை நிறுத்துகிற லோபிரமைடு மாதிரி மாத்திரை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். குடல் அசைவு நின்று, வெளியே போக வேண்டியது உள்ளேயே தேங்கி, வயிறு உப்பி ஆபத்தாகிவிடும்.

இப்போது தண்ணீர் விஷயம். மாமியார் சொல்வது பல வீடுகளில் சொல்வதுதான், குழந்தை மேல் உள்ள அக்கறையில் சொல்வது. ஆனால் தண்ணீரை நிறுத்தினால் பேதி நிற்காது. குடிக்காவிட்டாலும் குடல், உடம்பில் இருக்கிற நீரையும் உப்பையும் எடுத்து வெளியே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். ஒன்பது கிலோ உடம்பில் அதற்கான இருப்பு குறைவு. காய்ச்சல் இருந்தால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இன்னும் போகும்.

ஓ.ஆர்.எஸ் வேலை செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பேதி போய்க்கொண்டிருக்கும்போதும், சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் சிறுகுடல் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கிறது, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அளவு மாறினால் இது நடக்காது. அதனால்தான் ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பாதிப் பாதியாகக் கண்ணளவில் கலக்கக் கூடாது என்கிறோம். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டுங்கள், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம், மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். பழச்சுவையோடு அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடல்ல. சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து பேதியைக் கூட்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் இலவசமாகவே கிடைக்கும்.

உங்கள் பையனுக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. பாட்டிலில் கொடுத்தால் மடமடவென்று குடித்துவிட்டு வாந்தி எடுப்பான். ஐந்து மில்லி ஸ்பூனில், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். பத்து ஸ்பூன் போனால் 50 மில்லி ஆகிவிட்டது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி இன்னும் மெதுவாக ஆரம்பியுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழைந்த சாதம், இட்லி, கஞ்சி எது சாப்பிடுகிறானோ கொடுங்கள். ஓ.ஆர்.எஸ் பேதியை நிறுத்தாது, ரத்தத்தையும் நிறுத்தாது. அதனால் “கொடுத்தும் நிற்கவில்லையே” என்று கைவிட்டுவிடாதீர்கள், மருந்து வேலை செய்யும் வரை குழந்தையைத் தாங்குவது அதுதான்.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க, தொப்புளுக்குப் பக்கவாட்டில் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று சமமாக வேண்டும். மடிப்பு மெதுவாக இறங்கினால் வற்றத் தொடங்கிவிட்டது. இரண்டு விநாடிக்கு மேல் அப்படியே நின்றால் நிலைமை மோசம். கண் குழி விழுந்திருப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் துவண்டு தூங்குவது, குடிக்கவே முடியாதது, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, வலிப்பு, வயிறு உப்புவது, இதில் ஒன்று இருந்தாலும் நேரம் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியிலும் விழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போகலாம். இரண்டு மாதத்துக்கும் குறைவான குழந்தை, மிகவும் மெலிந்த குழந்தை என்றால் ரத்தம் தெரிந்தாலே நேராக மருத்துவமனைதான்.

இதில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சீதபேதி என்று நினைத்து இதைத்தான் தவறவிடுகிறார்கள். சட்டைக் கையை உள்ளே தள்ளினால் மடிந்து போவது போல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடும். ஒரு வயதுக்குள்தான் அதிகம், இரண்டு மூன்று வயது வரையும் வரலாம். எங்கள் வார்டுக்கு எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றை “சீதபேதி சிஸ்டர்” என்று சொல்லி அழைத்து வந்தார்கள். காய்ச்சல் இல்லை. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை திடீரென்று வீறிட்டு, முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு வெளிறிப்போனது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல அம்மா மேல் சாய்ந்து அயர்ந்தது. மறுபடி வீறிட்டது. வாந்தி பச்சையாக இருந்தது. துணியில் மலமே இல்லை, கருஞ்சிவப்பாக வழவழவென்று சளி மட்டும். முதல் நாள் இரவு குடலேற்றம் என்று வயிற்றை நீவி விட்டிருந்தார்கள். ஸ்கேனில் தெரிந்ததும் ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தி, உள்ளே நுழைந்த குடலைப் பழைய இடத்துக்கே தள்ளினார்கள், அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. இன்னும் தாமதித்திருந்தால் ரத்த ஓட்டம் நின்று அந்தக் குடல் அழுகத் தொடங்கும், வெட்டி எடுக்க வேண்டி வரும். இந்த மாதிரி அழுகை இருந்தால் வாயால் எதையும் கொடுக்காதீர்கள், வயிற்றை நீவவும் விடாதீர்கள். குழந்தை அறுவை சிகிச்சை வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்.

டாக்டரிடம் போகும்போது ரத்தம் பட்ட துணியையோ டயப்பரையோ பையில் போட்டு எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பீட்ரூட் சாப்பிட்டதாலும் சிவப்பாகப் போகலாம், பார்த்தால் டாக்டருக்குப் புரிந்துவிடும். ஆன்டிபயாடிக் ஆரம்பித்து இரண்டு நாளில் காய்ச்சலும் ரத்தமும் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அதே மருந்தைத் தொடராமல் திரும்பக் காட்டுங்கள், வேறு மருந்து தேவைப்படலாம். ஜிங்க் மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும் வரை கொடுங்கள். அப்புறம், பேதி சரியானாலும் ஒரு வாரம் சிறுநீரைக் கவனியுங்கள். குழந்தை வெளிறி, சோர்ந்து, சிறுநீர் குறைந்தால் அது சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.