குப்பையில் குத்திய ஊசியும் 75,000 ரூபாய் பத்திரமும்

கேள்வி: எனக்கு 40 வயது. நகராட்சியில் காண்ட்ராக்டில் தூய்மைப் பணி. மாதம் 12,000 சம்பளம், அதில் ஏதோ பிடிப்பார்கள், சீட்டு தருவதில்லை. வீட்டுக் குப்பையைக் கையால்தான் பிரிக்கிறோம். 2024 ஆகஸ்ட் 12 அன்று யாரோ சர்க்கரைக்குப் போட்டுத் தூக்கியெறிந்த ஊசி உள்ளங்கையில் குத்தியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் வராமலிருக்க டிடி ஊசி போட்டார்கள். டிசம்பரில் மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஹெபடைடிஸ் பி என்றார்கள். இன்னும் ரத்தத்தில் இருக்கிறதாம். கையுறை கிழிந்துதான் வரும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையில் ஒன்று மட்டும் போட்டுவிட்டு மூன்றுக்கும் கையெழுத்து வாங்கினார்கள். 2023இல் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்தபோதுகூட நான் நன்றாகத்தான் இருந்தேன். இப்போது காண்ட்ராக்டர் 75,000 தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார். சூப்பர்வைசர் பேசிய பேச்சை எழுதினால் பக்கம் போதாது. நான் என்ன செய்ய?

பதில்: அம்மா, சூப்பர்வைசரை விடுங்கள். கிழிந்த கையுறையையும் கொஞ்ச நேரத்துக்கு ஓரம் வையுங்கள். கையுறை, முகக்கவசம், காலணி, மழைக்கோட்டு எல்லாம் தரப்படுவதை உறுதிசெய்ய வேண்டியது நகராட்சி என்று அப்போது நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின; அது மீறப்பட்டது உண்மைதான். ஆனால் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளி தப்பு செய்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில் இருந்ததால் நோய் வந்தது என்று காட்டினால் போதும். சம்பவம் 2024இல் நடந்ததால் 1923ஆம் ஆண்டின் பழைய சட்டமே உங்களுக்குப் பொருந்தும்.

வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே இடத்தில்தான்: இந்த நோய் அந்த ஊசியில் வந்ததா, முன்பே இருந்ததா? எதிர்த்தரப்பு மருத்துவர் கூண்டில் ஏறி என்ன சொல்வார் என்று இப்போதே எழுதித் தருகிறேன். பெரியவர்களுக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றினால் நூறில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகும் ரத்தத்தில் தங்கியிருந்தால் அது பெரும்பாலும் பிறப்பிலோ சிறு வயதிலோ தொற்றியது. ஆகவே இவருக்குப் பழைய நோய். மருத்துவப்படி இந்த வாதம் பொய்யில்லை, அதுதான் ஆபத்து. குத்திய அன்றே ரத்தம் எடுத்து 'இல்லை' என்று சீட்டு வாங்கியிருந்தால் அவர் வாயைத் திறக்க முடியாது. உங்களுக்கு டிடி மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது, நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். 2023 ஆபரேஷன். அறுவைக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை வழக்கமாகவே எடுப்பார்கள். அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவின் நகலை வாங்குங்கள். அதில் 'நெகட்டிவ்' என்று இருந்தால் பழைய நோய் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்தது டிசம்பர் அட்மிஷன் தாள்கள். அதில் ஐஜிஎம் வகை ஹெபடைடிஸ் பி பரிசோதனை எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்; அது பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் தொற்று புதியது. தொற்றிய நாளிலிருந்து நோய் தெரிய ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகும் என்பதால் ஆகஸ்ட் குத்து, டிசம்பர் காமாலை என்ற கணக்கும் பொருந்துகிறது. மூன்றாவது, சுகாதார நிலையத்து ஓபி சீட்டு. 'ஊசி குத்திய காயம்' என்று அதில் ஒரு வரி இருந்தால் அது தங்கம். வெறும் 'டிடி' என்று மட்டும் இருந்தால், உங்களோடு வேலை செய்தவர் ஒருவரின் சாட்சி வேண்டும்.

காகிதம் தேடும்போதே இன்னொன்றையும் பாருங்கள். சம்பளத்தில் பிடிப்பது இஎஸ்ஐயா? 12,000க்கு முக்கால் சதவீதம், அதாவது 90 ரூபாய் வரும். பத்து இலக்க காப்பீட்டு எண் இருந்தால் நீங்கள் இஎஸ்ஐ காப்பீட்டாளர், அப்போது இழப்பீட்டு ஆணையர் முன் மனு நிற்காது. இஎஸ்ஐ சட்டத்தின் 53ஆவது பிரிவு அந்தக் கதவை மூடிவிடுகிறது. 1996இல் உச்ச நீதிமன்றமும் ட்ரெஹான் வழக்கில் அப்படியே சொல்லிவிட்டது. பிறகு வழி இஎஸ்ஐ அலுவலகமும் அதன் மருத்துவ வாரியமும்தான். இதைப் பார்க்காமல் மனு போட்டு, வாய்தா வாய்தாவாக நடந்து, கடைசியில் 'இங்கே வராதே' என்று கேட்டுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இஎஸ்ஐ இல்லை என்றால் ஆணையர். காண்ட்ராக்டரோடு நகராட்சியையும் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி எதிர்த்தரப்பாகச் சேருங்கள்; ஒப்பந்தம் முடிந்ததும் காண்ட்ராக்டர் போன இடம் தெரியாது. கெடு இரண்டு வருடம். நோய்க்கு நாள் எண்ணும் கணக்கு கொஞ்சம் தாராளமானதுதான், ஆனால் அதை நம்பாமல் 2026 ஆகஸ்ட் 12க்குள் போட்டுவிடுங்கள்.

இனி நான் உண்மையில் பயப்படுவது. இதேபோல் ஊசி குத்திய ஒரு தொழிலாளி என்னிடம் வந்தார். குத்திய மறுவாரம் மேஸ்திரி கையுறைப் பதிவேட்டை நீட்டி, விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். 'ஆடிட்டுக்கு வேண்டும்' என்றாராம். குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி: இது உங்கள் கையெழுத்தா? ஆமாம். அப்புறம் அவர்கள் கட்டிய கதை, 'நாங்கள் தந்த கையுறையை அவரே வேண்டுமென்று கழற்றினார்' என்பது. தந்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே ஒதுக்கியவருக்கு இழப்பீடு இல்லை என்று சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மெல்லிய ரப்பர் கையுறை ஊசியைத் தடுக்காது என்று வாதாடி அவரைக் கரையேற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால் இனி எந்தப் பதிவேட்டிலும் பழைய தேதிக்குக் கையெழுத்து வேண்டாம். தடுப்பூசிக்கு வாங்கிய மூன்று கையெழுத்து உங்கள் உரிமையைப் பறிக்காது, ஆனால் உங்களைப் பொய்யராகக் காட்டப் பயன்படும். எத்தனை ஊசி போட்டார்கள் என்று கேட்டால், ஒன்றுதான், கையெழுத்து மூன்று என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

பத்திரத்துக்கு வருவோம். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17ஆவது பிரிவின்படி செல்லாது. அதோடு நீங்கள் பெண். பெண்ணுக்கு மொத்தத் தொகையாகத் தரும் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், கையில் கொடுத்தது இழப்பீடாகவே கணக்கில் வராது என்கிறது 8ஆவது பிரிவு. காண்ட்ராக்டரின் வக்கீலுக்கும் இது தெரியும். பிறகு ஏன் கையெழுத்து கேட்கிறார்கள்? அந்தப் பத்திரத்தில் 'எனக்கு முன்பே இருந்த நோய்' என்று ஒரு வரி இருக்கும், அதற்காகத்தான். வாங்கி நிதானமாகப் படியுங்கள், போட்டோ எடுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள்.

அதற்காகக் கடைசி வரை சண்டை போடுங்கள் என்று சொல்லமாட்டேன். கணக்கைப் பாருங்கள். சம்பளத்தில் 60 சதவீதம் 7,200. நாற்பது வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் காரணி 184.17. இரண்டையும் பெருக்கினால் 13,26,024. இதில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று மருத்துவர் சொல்கிறாரோ அந்தச் சதவீதம் மட்டுமே உங்களுக்கு. 25 என்றால் 3,31,506. 10 என்றால் 1,32,602. கல்லீரல் இன்னும் கெடாமல் நீங்கள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தால் 25 கிடைப்பது கஷ்டம். நெகட்டிவ் சீட்டு கையில் இருந்தால் இரண்டரை லட்சமும் மருத்துவச் செலவும் கேளுங்கள். இரண்டுக்கு இறங்கி வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்பந்தத்தை 28ஆவது பிரிவின் கீழ் ஆணையரிடம் பதிவு செய்து, பணம் அங்கே கட்டப்பட்டு வரவேண்டும். பழைய சீட்டு எங்குமே கிடைக்கவில்லை, ஐஜிஎம் பரிசோதனையும் எடுக்கவில்லை என்றால், அதே பதிவு முறையில் ஒரு லட்சத்துக்குப் பேசி முடித்துவிடுங்கள். இஎஸ்ஐ இருந்தால் இந்தப் பேரமே வேண்டாம், மருத்துவ வாரியத்துக்குப் போங்கள்.

வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்து, இல்லாதவர்களுக்கு மூன்று தவணை தடுப்பூசியையும் முழுதாகப் போட்டுவிடுங்கள். அந்தச் செலவுச் சீட்டுகளையும் வைத்திருங்கள், பேச்சுவார்த்தையில் உதவும்.