முருங்கைக்காய் வந்த நாளைச் சொல்லுங்கள்: புலம்பெயர் ஊரில் பலசரக்குக் கடைக்கு விளம்பரம்

கேள்வி: நானும் மனைவியும் லண்டன் ஹாரோவில் சின்னதாக ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை நடத்துகிறோம். இலங்கைச் சாமானும் இருக்கு, இந்தியச் சாமானும் இருக்கு. "ஊர்ச் சுவை உங்கள் வாசலில்" என்று 5,000 நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போட்டோம், ஃபேஸ்புக்கிலும் காசு கட்டினோம். பெரிதாக ஒருவரும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் பாதிப் பேருக்குப் போகிறதில்லை. ஆன்லைனிலும் அச்சிலும் எதை, எப்படிச் செய்யலாம்?

பதில்: உங்கள் நோட்டீஸில் வாங்குவதற்கு ஒரு பொருளும் இல்லை, வருவதற்கு ஒரு நாளும் இல்லை. "ஊர்ச் சுவை" என்று படிக்கிறவர் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். "நாளை மாலை வல்லாரை வருகிறது, 30 கட்டு மட்டும்" என்று படிக்கிறவர் வேலை முடிந்து வரும் வழியில் உங்கள் கடைக்கு முன்னால் காரை நிறுத்துவார். இனி எதை வெளியிட்டாலும் இந்தப் பொருள், இந்த நாள், இன்ன சமையலுக்கு என்பது அதில் இருக்கட்டும்.

முதலில் உங்கள் அலுமாரிகளைப் பார்த்து 15 பொருட்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். பாஸ்மதி, துவரம்பருப்பு, எண்ணெய் எதுவும் அதில் வேண்டாம். அவற்றைப் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் மூட்டைக் கணக்கில் விற்கின்றன, விலையில் நீங்கள் ஜெயிக்க முடியாது. யாழ்ப்பாணச் சமையலுக்கு ஒடியல் மா, மாசிக் கருவாடு, பனங்கட்டி, குரக்கன் மா, வறுத்த சிவப்பரிசி மா என்று எடுங்கள். தமிழ்நாட்டுச் சமையலுக்கு இட்லி அரிசி, தோல் நீக்கிய முழு உளுந்து, சின்ன வெங்காயம், மணத்தக்காளி வற்றல், சிக்கரி கலந்த ஃபில்டர் காபித் தூள். முருங்கைக்காய், வல்லாரை, பொன்னாங்காணி இரண்டு வீட்டுக்கும் பொது. உங்கள் விளம்பரம் முழுவதும் இந்தப் பட்டியலைச் சுற்றியே ஓட வேண்டும்.

இரண்டு வகை வாடிக்கையாளர் இருப்பதால் பெயர்ப் பலகையில் கவனம் தேவை. "மிளகாய்த்தூள்" என்று கேட்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு மல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து அரைத்த கறித்தூள் வேண்டும். மதுரைக்காரர் அதே சொல்லுக்குத் தனி மிளகாய்த் தூளை எதிர்பார்ப்பார். அந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோய் சாம்பாரில் போட்டால் அடுத்த முறை உங்கள் கடைக்கு வரமாட்டார். ஆகவே அலுமாரிச் சீட்டில் "யாழ்ப்பாணக் கறித்தூள் (வறுத்தது), மீன் கறிக்கும் இறைச்சிக் கறிக்கும்" என்றும், மற்றதில் "தனி மிளகாய்த் தூள்" என்றும் எழுதுங்கள். குரக்கன் மாவுக்குப் பக்கத்தில் கேழ்வரகு மாவு என்றும், பெருஞ்சீரகத்துக்குப் பக்கத்தில் சோம்பு என்றும் போடுங்கள்.

இதே வேலையைக் கூகுள் கடைப் பக்கத்திலும் செய்யுங்கள். கைபேசியில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவார்கள்: murungakkai, drumstick, odiyal maa, kurakkan flour, ragi flour. business.google.com இல் Products பகுதியில் 15 பொருளையும் படத்தோடு ஏற்றி, ஒவ்வொன்றின் விளக்கத்திலும் இந்தப் பெயர்களை வாக்கியமாக எழுதுங்கள். கடைப் பெயரில் மட்டும் அவற்றைத் திணிக்காதீர்கள். பலகையில் உள்ள பெயரும் அங்கே உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி, மீறினால் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். படங்கள் உங்கள் கடையில் எடுத்தவையாக இருக்கட்டும். இணையத்தில் எடுத்த பளபளப்பான முருங்கைக்காய்ப் படத்தைவிட, உங்கள் தராசில் கிடக்கும் காயின் படத்தைத்தான் ஆட்கள் நம்புவார்கள்.

வாட்ஸ்அப்பில் பாதிப் பேருக்குப் போகாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். நீங்கள் அவர் எண்ணை வைத்திருப்பது போதாது. ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் யாருக்குப் போகவில்லை என்று தெரியும். அவர்கள் அடுத்த முறை கடைக்கு வரும்போது எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

இதற்குச் சுலபமான வழி, காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிய கியூஆர் குறி. அதற்குள் கீழே உள்ள இணைப்பை வையுங்கள். X உள்ள இடத்தில் உங்கள் எண், முன்னால் பூச்சியமோ கூட்டல் குறியோ வேண்டாம்.

```
https://wa.me/44XXXXXXXXXX?text=Vegetable%20list
```

வாடிக்கையாளர் ஸ்கேன் செய்து அனுப்பை அழுத்தினால் அவர்தான் முதலில் உங்களுக்கு எழுதியவர் ஆகிறார். அப்போதே எண்ணையும் சேமிக்கச் சொல்லிவிடலாம். குறிக்கு மேலே "வாராவாரம் மரக்கறிச் செய்தி அனுப்ப எனக்குச் சம்மதம், வேண்டாம் என்றால் STOP என்று எழுதுவேன்" என்று போடுங்கள். பிரிட்டனில் விளம்பரச் செய்தி அனுப்பப் பொதுவாக ஆளின் சம்மதம் வேண்டும். கோயில் குழுவிலிருந்தோ பாடசாலைப் பெற்றோர் குழுவிலிருந்தோ எண்களை உருவிச் சேர்ப்பது சட்டப்படியும் தவறு, ஊருக்குள் பெயரையும் கெடுக்கும்.

அனுப்புவது வாரத்துக்கு ஒன்று போதும். விமானத்தில் மரக்கறி வரும் நாளுக்கு முதல் நாள் மாலை அனுப்புங்கள். ஒரு மாதிரி:

"நாளை வியாழன் மாலை 5 மணி முதல்: முருங்கைக்காய், வல்லாரை, பிஞ்சுக் கத்தரிக்காய், சின்ன வெங்காயம். வல்லாரை 30 கட்டு மட்டும். எடுத்து வைக்க வேண்டுமா? பெயரும் எத்தனை கட்டு என்றும் எழுதுங்கள். வெள்ளி இரவு 8 மணிவரை வைத்திருப்போம்."

சரக்கு தாமதமானால் மறுநாள் காலையிலேயே இன்னொரு செய்தி போட வேண்டும். வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் அடுத்த மூன்று செய்திகளையும் அவர் திறக்கமாட்டார். எடுத்து வைக்கச் சொன்ன கட்டுகளை எண்ணினால் அடுத்த வாரம் எவ்வளவு வாங்குவது என்பதும் தெரிந்துவிடும். கீரை வாடிப் போய்க் குப்பைக்குப் போவது குறையும்.

அச்சுக்கு வருவோம். வீடு வீடாக நோட்டீஸ் போடுவதை விட்டுவிடுங்கள். ஹாரோவில் ஒரு தெருவில் எத்தனை கதவு தமிழ்க் கதவு என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காசில் சுவர் நாட்காட்டி அடியுங்கள். ஒரு தமிழ் வீட்டின் குசினிச் சுவரில் 12 மாதமும் தொங்கக்கூடிய விளம்பரம் அது ஒன்றுதான். வழக்கமாக வரும் குடும்பம் 400 என்றால் 500 பிரதி போதும். செப்டம்பரில் வேலையைத் தொடங்கி நவம்பர் நடுப்பகுதியில் கையில் வைத்திருங்கள். டிசம்பர் கடைசியில் கொடுத்தால் சுவரில் ஏற்கெனவே வேறு கடையின் நாட்காட்டி தொங்கும்.

பல கடைகள் சறுக்குவது பஞ்சாங்கத்தில். சென்னையிலோ கொழும்பிலோ கணித்த நேரத்தை அப்படியே அச்சடித்துவிடுகிறார்கள். ராகு காலம் என்பது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பகலில் எட்டில் ஒரு பங்கு. ஊரில் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால் அது ஒன்றரை மணி நேரம் வருகிறது. லண்டனில் ஜூன் கடைசியில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல், ஆகவே ராகு காலம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, அப்போது அது ஒரு மணி நேரம்கூட இல்லை. வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 என்று ஊரில் போடுவது, இங்கே ஜூனில் சுமார் 11 முதல் 1 மணிவரை என்று ஆகிறது. திதி மாறும் கணம் உலகம் முழுவதும் ஒன்று என்றாலும் லண்டன் கடிகாரத்தில் அது குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி முன்னதாகக் காட்டும். அதனால் விரத நாளே ஒரு நாள் முன்னால் நகரலாம். உங்கள் பக்கத்துக் கோயில் குருக்களிடம் லண்டன் நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைக் கேட்டு, அனுமதியோடு அச்சிடுங்கள். ஈலிங் அம்மன் கோயில், ஹைகேட் முருகன் கோயில் தேர்த் தேதிகளையும் கோயிலில் உறுதிசெய்து போடுங்கள். லீவு எடுக்க ஆட்கள் அதைத்தான் தேடுவார்கள்.

நாட்காட்டியின் ஒவ்வொரு மாதத்துக்கும் கீழே வெட்டி எடுக்கும் ஒரு கூப்பன் வையுங்கள், அந்த மாதச் சமையலோடு பொருத்தி. ஜூலையை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஆடிப்பிறப்பு வருகிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் அன்றைக்கு ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் உண்டு. அரிசி மா, வறுத்த பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால், மிளகு, சீரகம், ஏலக்காய் என ஒரு வீட்டுக்கு அளவான பொருளை ஒரே பையில் கட்டி, கூப்பனோடு வந்தால் ஒரு பவுண்டு குறைவு என்று போடுங்கள். ஜூலை முதல் வாரமே பை தயாராக இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பிலும் அதே வாரம் சொல்லுங்கள். ஜனவரியில் பொங்கல் பை, ஆடி வெள்ளிகளுக்குத் தமிழ்நாட்டு வீடுகளை நினைத்து இன்னொன்று. மாத முடிவில் திரும்பி வந்த கூப்பனை எண்ணுங்கள். 500க்கு 40 வந்தாலும் அந்தப் பை அடுத்த வருஷமும் போடத் தக்கது. மூன்று நான்குதான் என்றால் பொருளை மாற்றுங்கள்.

பையில் மூட்டையிலிருந்து பிரித்துக் கட்டிய பொருள் இருந்தால் ஆங்கிலத்தில் பெயரும் உட்பொருளும் உள்ள லேபிள் கட்டாயம். எடை, பயன்படுத்தும் தேதி, கடைப் பெயர், விலாசம் ஆகியவற்றையும் போட்டுவிடுங்கள். ஒவ்வாமை தரும் 14 பொருட்களில் எது இருந்தாலும் எழுத்தைத் தடிப்பாக்கிக் காட்ட வேண்டும். கடுகு, எள், கஜு, மாசியில் உள்ள மீன் ஆகியவை எளிதில் நினைவுக்கு வரும். மறந்துபோவது பெருங்காயம். கடையில் விற்கும் பெருங்காயத் தூள் பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கும். ஆன்லைனில் விற்றால் காசு கட்டும் முன்னரே இந்த விவரம் வாங்குபவர் கண்ணில் பட வேண்டும், பொருளைக் கொடுக்கும்போதும் கூடவே இருக்க வேண்டும்.

கடைசியாக அச்சகம். உங்கள் நாட்டு அச்சகத்தில் தமிழ் தெரிந்தவர் இருப்பது அரிது. பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "அம்மா" என்பது mk;kh என்று தெரியும். யூனிகோடில் தட்டினாலும் வடிவமைப்பு மென்பொருளில் Adobe World-Ready Paragraph Composer தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். எழுத்துகளை அவுட்லைனாக மாற்றி, ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதல் விட்டு, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். திரையில் பார்த்து "ஓகே" சொல்லிவிடாதீர்கள். ஒரு தாள் அச்சடித்துக் கேட்டு வாங்கி, கோதுமை, பொங்கல், நெய், தை ஆகிய சொற்கள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். பிறகு மாத வரிசை, தொலைபேசி எண், கியூஆர் குறி மூன்றையும் இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். குறியை அச்சான தாளிலிருந்தே ஸ்கேன் செய்து, உங்கள் கைபேசிக்கு உண்மையிலேயே செய்தி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் 500 பிரதிக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.