புகார்களின் எண்ணிக்கையை விடுங்கள், புகாரில் சொன்ன விதிக்குப் பதில் எழுதுங்கள்

கேள்வி: எனக்குப் போட்டியாகத் தொழில் செய்பவர்கள் கூட்டமாகச் சேர்ந்து புகார் கொடுத்து, சமூக ஊடகத்தில் உள்ள என் வணிகக் கணக்கை முடக்கிவிட்டார்கள். அந்தப் புகார்கள் உள்நோக்கத்துடன் கொடுக்கப்பட்டவை என்று தளத்தின் ஆய்வுக் குழுவுக்கு எப்படி நிரூபிப்பது?

நீங்கள் ஏற்கெனவே ஒரு மேல்முறையீடு அனுப்பியிருப்பீர்கள் என்றும், அதில் பெரும்பகுதி போட்டியாளர்களின் சதியைப் பற்றியே இருந்திருக்கும் என்றும் எண்ணுகிறேன். 2023-இல் நானும் அதைத்தான் செய்தேன். அது ஒரே நாளில் நிராகரிக்கப்பட்டது. ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள்கள் ஆயின. அந்தச் சில நாள்களாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் மதுரையில் கைமுடிச்சுச் சுங்குடிச் சேலைகளை விற்கிறோம். முடிச்சுப் போடும் வேலையை என் மாமியாரும் அவருடன் இன்னும் சில பெண்களும் செய்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 12 அன்று, கையால் முடிந்த சுங்குடிக்கும் அச்சடித்த சுங்குடிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டி ஒரு சிறு காணொளி வெளியிட்டேன். அச்சில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். கைமுடிச்சில் ஒவ்வொரு புள்ளியும் சற்றே மாறும், முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாக எழும்பி நிற்கும். இவ்வளவுதான் அதில் சொன்னேன். எந்தக் கடையின் பெயரையும் சொல்லவில்லை. அச்சடித்து விற்பது குற்றம் என்றும் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். அச்சுச் சேலையைக் கைமுடிச்சு என்று சொல்லி அந்த விலைக்கு விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஆகஸ்ட் 17 இரவு எங்கள் பழைய பதிவுகள் இரண்டு ‘போலிப் பொருள்’ என்ற காரணத்துடன் நீக்கப்பட்டன. மறுநாள் மூன்றாவது பதிவும் போயிற்று. 19-ஆம் தேதி, நாங்கள் வேறொருவரைப் போல நடிக்கிறோம் என்று சொல்லிக் கணக்கையே முடக்கினார்கள். அன்றே மேல்முறையீட்டுப் பெட்டியில் எங்கள் உழைப்பையும், போட்டியாளர்களின் பொறாமையையும், எத்தனை பேர் சேர்ந்து புகார் கொடுத்திருப்பார்கள் என்ற என் கணக்கையும் எழுதி அனுப்பினேன். விதிகளை மீண்டும் மீறியதாக உறுதி செய்யப்பட்டது என்ற ஆயத்தப் பதில் வந்தது.

அந்தப் பதிலில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் ஆய்வாளரின் இடத்திலிருந்து பாருங்கள். அவர் முன்னால் இருப்பவை ஒரு பதிவும் ஒரு விதியும் மட்டுமே. அந்தப் பதிவு அந்த விதியை மீறுகிறதா என்பதே அவர் விடை தர வேண்டிய கேள்வி. புகார் ஒன்று வந்தாலும் ஆயிரம் வந்தாலும் முடிவு மாறாது என்றுதான் பெரிய தளங்கள் சொல்கின்றன. ஆகவே, ‘என் மீது ஆயிரம் புகார் போட்டார்கள்’ என்று நிரூபிப்பதால் மட்டும் உங்கள் கணக்கு திரும்பாது. உண்மையிலேயே விதியை மீறியவர் மீதும் ஆயிரம் பேர் புகார் போடலாம் அல்லவா? முதலில் விதியை மீறவில்லை என்று காட்ட வேண்டும். கூட்டுப் புகார் என்பதற்கான சான்று அதற்குப் பிறகுதான், முதல் முடிவு ஏன் தவறாகப் போயிற்று என்பதை விளக்குவதற்காக வர வேண்டும்.

இரண்டாம் முறை நான் அந்த வரிசையில் எழுதினேன். தளத்தின் விதிப் பக்கத்தைத் திறந்து, போலிப் பொருள் என்றால் என்னவென்று அவர்களே எழுதியிருப்பதைப் படித்தேன். வேறொரு நிறுவனத்தின் பெயரையோ முத்திரையையோ போட்டு அந்நிறுவனத்தின் பொருள் என்று நம்பவைப்பதுதான் அங்கே போலி. எங்கள் சேலைகளில் எந்த நிறுவனத்தின் முத்திரையும் கிடையாது. அதனால் முதல் பத்தியில் எழுதியது இவ்வளவே: ‘நீக்கப்பட்ட மூன்று பதிவுகளிலும் பிற நிறுவனத்தின் பெயரோ முத்திரையோ இல்லை; இவை நாங்களே முடிந்து சாயமிட்ட சேலைகள்; முடிச்சு அவிழ்ப்பதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்கள் இணைப்பு ஒன்றில் உள்ளன.’ அதில் கோபமும் இல்லை, போட்டியாளரின் பெயரும் இல்லை.

ஆள்மாறாட்டக் குற்றச்சாட்டுக்கு வேறு வகையான சான்று தேவைப்பட்டது. எங்கள் படங்களையே எடுத்து, எங்கள் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, ஆகஸ்ட் 14 அன்று யாரோ ஒரு நகல் கணக்கைத் தொடங்கியிருந்தார்கள் என்பதைப் பிறகுதான் கண்டோம். அந்த நகலை அசல் என்று காட்டி எங்களைப் போலி என்று புகார் செய்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இதை என் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2021 டிசம்பரில் மெட்டா நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், வியட்நாமில் அரசை விமர்சிப்பவர்களைக் குறிவைத்துக் கூட்டுப் புகார் அளித்த ஒரு வலையமைப்பை நீக்கியதாகத் தெரிவித்தது. அவர்களும் இதே போல நகல் கணக்குகளை உருவாக்கி, அசலை ஆள்மாறாட்டம் என்று புகார் செய்திருந்தார்கள்.

இதற்கு நாங்கள் மூன்று பொருள்களை மட்டும் இணைத்தோம். ஒன்று, எங்கள் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ், அதில் உள்ள வணிகப் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றே. இரண்டு, 2019-இல் எடுத்த படங்களின் அசல் கோப்புகள். கேமராவிலிருந்து நேரடியாக எடுத்த கோப்பில் படம் பிடித்த நாளும் கருவியின் பெயரும் பதிந்திருக்கும். தளத்திலிருந்து நகல் எடுத்தவரிடம் சிறிய அளவுப் படம்தான் இருக்கும், அந்த விவரங்கள் இருக்காது. வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினாலும் அவை அழிந்துவிடும் என்பதால், கோப்புகளை நினைவட்டையிலிருந்தே எடுத்தோம். மூன்று, அந்தப் பழைய படத்தில் இருந்த ஒரு சேலையை, விற்காமல் வீட்டில் வைத்திருந்ததால், மீண்டும் விரித்து, அன்றைய தேதியையும் எங்கள் கணக்கின் பெயரையும் எழுதிய தாளை அதன்மேல் வைத்து எடுத்த புதிய படம். புள்ளிகள் கைமுடிச்சு என்பதால் எந்த இரண்டு சேலையும் ஒன்றாக இருக்காது. பழைய படத்தில் முந்தானை ஓரத்தில் தெரிந்த விலகிய புள்ளிகள் புதிய படத்திலும் அதே இடத்தில் தெரிந்தன. நகல் எடுத்தவர் இதை ஒருபோதும் செய்ய முடியாது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். புகார்கள் திட்டமிட்டவை என்பதற்குத் தளம் நமக்கு எந்த உதவியும் செய்யாது. புகார் கொடுத்தவர் யார், எத்தனை பேர் என்பதைச் சொல்லவே மாட்டார்கள். எங்களுக்குச் சான்று கிடைத்தது ஒரு வாடிக்கையாளரால். சேலைகளை வாங்கி விற்போர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அவரும் இருந்தார். ‘அக்கா, உங்கள் பக்கத்தின் இணைப்பைப் போட்டு, எல்லாரும் போலிப் பொருள் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் புகார் கொடுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்’ என்று சொல்லித் திரைப்பிடிப்பை அனுப்பினார். எந்தக் காரணத்தை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த அந்த வரிதான் எங்கள் வலுவான சான்று. ஏனெனில், தங்கள் கண்ணால் கண்டு தனித்தனியாகப் புகார் கொடுப்பவர்களுக்குக் காரணத்தை இன்னொருவர் சொல்லித் தர வேண்டிய தேவை இல்லை.

ஆனால் திரைப்பிடிப்பை யார் வேண்டுமானாலும் போலியாக உருவாக்கலாம், அது ஆய்வாளருக்கும் தெரியும். எனவே அதை வேறொரு சான்றோடு நேரத்தால் பொருத்திக் காட்டினேன். குழுச் செய்தி வந்தது ஆகஸ்ட் 17 இரவு 8.40 மணி. நீக்க அறிவிப்பு வந்த மின்னஞ்சலில் Show original என்பதை அழுத்தினால் சர்வர் பதிந்த நேரம் தெரியும்:

```
Date: Thu, 17 Aug 2023 15:56:08 +0000
```

கடைசியில் உள்ள +0000 என்பது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அப்படியானால் இரவு 9.26. செய்திக்கும் முதல் நீக்கத்துக்கும் இடையே 46 நிமிடங்கள். இந்தக் கணக்கைச் செய்யாமல் அனுப்பியிருந்தால், குழுச் செய்தி 20.40-க்கும் நீக்கம் 15.56-க்கும் நடந்ததாகத் தோன்றி, நீக்கத்துக்குப் பிறகுதான் செய்தியே வந்தது என்று எங்கள் சான்று எங்களுக்கே எதிராகத் திரும்பியிருக்கும். என் கொழுந்தன்தான் இதைக் கவனித்தார். எல்லா நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றி, எப்போது, எந்தப் பதிவு, எந்த விதி, அந்தப் பதிவு முதலில் வெளியான நாள் என்ற நான்கு நெடுவரிசைகளில் ஒரே பக்க அட்டவணையாகக் கொடுத்தோம். 2019 முதல் ஒரு புகாரும் வராமல் இருந்த பதிவுகள் இரண்டு நாள்களுக்குள் அடுத்தடுத்து அதே காரணத்தோடு நீக்கப்பட்டதை அந்த ஒரு பக்கம் காட்டியது. பழைய பதிவு என்பதாலேயே அது விதிக்கு உட்பட்டது என்று ஆகிவிடாது. அதனால்தான் அதைத் துணைச் சான்றாக மட்டுமே வைத்தேன். குழுவில் இருந்த மற்றவர்களின் தொலைபேசி எண்களை மறைத்துவிட்டு, மறைத்திருப்பதையும் குறிப்பிட்டோம். அனுப்பியவரிடம் ஒப்புதலும் வாங்கினோம். நீங்களும் அவருடைய அனுமதி இல்லாமல் அனுப்பாதீர்கள், ஆபத்து அவருக்குத்தான்.

பதிலுக்கு அவர்கள் மீது கூட்டமாகப் புகார் போடலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். புதிய கணக்கு தொடங்கலாம் என்றும் சொன்னார்கள். இரண்டையும் மறுத்தேன். முதலாவது நாம் யாரைக் குற்றம் சொல்கிறோமோ அவர்களின் செயலையே நம்மையும் செய்ய வைக்கும்; இரண்டாவது, முடக்கத்தைத் தவிர்க்கப் பார்த்தது என்ற புதிய, உண்மையான மீறலாகப் பதிவாகும்.

தளத்துக்குள் மேல்முறையீட்டு வாய்ப்பு தீர்ந்துவிட்டதால், 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளம் நியமித்திருக்க வேண்டிய குறைதீர் அலுவலருக்கு ஆகஸ்ட் 22 அன்று இதே கோப்பை அனுப்பினேன். அப்போதைய விதிப்படி 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, 15 நாள்களில் முடிவு சொல்ல வேண்டும். செப்டம்பர் 5 அன்று முடிவு வந்தது, மாற்றமில்லை என்று. அந்தப் பதில் கிடைத்த 30 நாள்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். gac.gov.in என்ற தளத்தில் முழுக்க இணையவழியாகவே நடக்கிறது. செப்டம்பர் 12 அன்று மனு செய்தேன். குறைதீர் அலுவலரின் பதிலை இணைக்க வேண்டும் என்பதால், வந்த மின்னஞ்சல்களை ஒன்றும் அழிக்காதீர்கள். மனு நிலுவையில் இருக்கும்போதே, அக்டோபர் 4 அன்று, தளமே கணக்கைத் திருப்பித் தந்தது. காரணம் எதையும் சொல்லவில்லை. புகார் கொடுத்தவர்கள் மீது ஏதேனும் நடவடிக்கை எடுத்தார்களா என்பதும் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை.

தீபாவளிக்கு முன் ஏறக்குறைய ஏழு வார விற்பனை போனதற்கு யாரும் ஈடு தரவில்லை. அச்சுச் சேலைக்காரர்களை நான் பகைத்துக்கொண்டதால் வந்த வினை என்று சிலர் எழுதக்கூடும். துணியைப் பார்த்து அறியும் முறையைச் சொன்னதற்காக நான் வருந்தவில்லை.

கடைசியாக ஒரு விவரம், எனக்கு யாரும் சொல்லாதது. கணக்கு திரும்பினால் நீக்கப்பட்ட பதிவுகளும் தானாகத் திரும்பும் என்று நம்பியிருந்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக மறுஆய்வு கேட்க வேண்டும், அதற்குத் தனித்தனிக் காலவரம்பும் உண்டு. முதல் இரண்டுக்கும் கேட்டிருந்ததால் அவை வந்தன. மூன்றாவதற்குக் கேட்கவில்லை, கணக்கு திரும்பியபோது அதற்கான பொத்தானே மறைந்திருந்தது. நீக்கப்பட்டதை மீண்டும் ஏற்றினால் அதுவே மீறலாகக் கணக்கில் சேரும் என்பதால், மாமியார் முதல் முடிச்சைப் போடும் அந்தப் பதிவு இப்போதும் எங்கள் வீட்டு நினைவட்டையில் மட்டுமே இருக்கிறது.