துறைச்சொல் நிறைந்த பத்தியை வேறு துறையினருக்காகத் திருத்தி எழுதுவது

கேள்வி: நிலத்தடி நீர் வேதியியலில் ஆய்வு செய்கிறேன். மருத்துவர்கள், பொறியாளர்கள், சமூகவியலாளர்கள் எல்லாரும் படிக்கும் இதழ் ஒன்றுக்கு என் பத்தியை மாற்றி எழுதித் தரச் சொல்கிறார்கள். எளிமையாக்கினால் துல்லியம் போய்விடுகிறது, அப்படியே விட்டால் யாருக்கும் புரியவில்லை. எப்படி எழுதுவது?

பதில்: சொற்களை மாற்றுவதில் தொடங்காதீர்கள். பத்தியில் எது அளந்தது, எது கணக்கிட்டது, எது ஊகித்தது என்று முதலில் பிரித்துவிடுங்கள். நான் பார்த்தவரை, துல்லியம் போவது இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும்போதுதான்.

நம் துறையில் வழக்கமாக வரும் மாதிரியில் ஒரு பத்தியை நானே அமைத்து எடுத்துக்கொள்கிறேன், எண்களும் உதாரணத்துக்காகத்தான்:

> ஆய்வுப் பகுதியின் பாறைப்பிளவு நீர்த்தாங்கிகளில், சோடியம்–பைகார்பனேட் வகை நீரில் ஃபுளோரைடு செறிவு உயர்ந்துள்ளது. நீர் ஃபுளூரைட்டைப் பொறுத்து நிறைவுறா நிலையிலும் கால்சைட்டைப் பொறுத்து மிகைநிறைவிலும் உள்ளது. கால்சைட் வீழ்படிவும் அயனிப் பரிமாற்றமும் கால்சியத்தைக் குறைத்து ஃபுளோரைடு சேர்வதற்கு ஏதுவாகின்றன. ஃபுளோரைடுக்கும் pH-க்கும் குறிப்பிடத்தக்க நேர்மறை ஒட்டுறவு உண்டு (r = 0.62, p < 0.01).

இதை அவசரமாக எளிமையாக்குபவர் பெரும்பாலும் இப்படி எழுதுவார்: "பாறையில் உள்ள ஃபுளூரைட் என்ற கனிமம் கரைவதால் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுகிறது. தண்ணீரின் pH ஏறினால் ஃபுளோரைடும் ஏறும்." படிக்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் இரண்டு வாக்கியமுமே மூலப் பத்தி சொல்லாததைச் சொல்கின்றன.

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். நிறைவுறா நிலை என்பது ஒரு கணக்கின் முடிவு. நீரில் உள்ள கால்சியத்தையும் ஃபுளோரைடையும் வைத்து, ஃபுளூரைட் (CaF₂) படிவதற்கான வரம்பை நீர் எட்டிவிட்டதா என்று பார்க்கிறோம். எட்டவில்லை என்றால், ஃபுளூரைட் அந்த நீரைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் கரைய முடியும், அவ்வளவுதான். அந்தப் பாறையில் ஃபுளூரைட் இருக்கிறதா என்பதைப் பற்றி இந்தக் கணக்கு ஒன்றுமே சொல்வதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போன்ற கடினப்பாறை நாட்டில் பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அப்படைட் முதலிய கனிமங்களிலும் ஃபுளோரைடு உண்டு. "கரைய இடமிருக்கிறது" என்பதை "கரைகிறது" என்று மாற்றினால், படிக்கும் பொறியாளர் ஃபுளூரைட் உள்ள பாறையைத் தவிர்த்து போர் போட்டால் போதும் என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டாவதில் ஒட்டுறவு காரணமாகிவிட்டது. pH கூடிய கிணறுகளில் ஃபுளோரைடும் கூடுதலாக இருந்தது என்பதுதான் தரவு. r = 0.62 என்றால், ஃபுளோரைடில் உள்ள ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய 38 விழுக்காடு pH-உடன் நேர்கோட்டில் சேர்ந்து நகர்கிறது. மீதி வேறு எதையெதையோ பொறுத்தது. "ஏறினால் ஏறும்" என்று எழுதும்போது அந்த மீதி கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறது.

சரி, இப்போது என் திருத்தம்:

> இந்தப் பகுதியில் நிலத்தடி நீர் கடினப்பாறையின் விரிசல்களில் தங்கியிருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளில் அளந்தபோது, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில்தான் ஃபுளோரைடு அதிகம் இருந்தது. கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்தால் ஃபுளூரைட் என்ற கனிமமாகப் படியக்கூடும். அதனால் கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு ஒரு வரம்புக்கு மேல் ஏறுவது கடினம். எங்கள் கணக்கின்படி இந்த நீர் அந்த வரம்பை எட்டவில்லை (ஃபுளூரைட்டைப் பொறுத்து நிறைவுறா நிலை). கால்சியம் கார்பனேட்டாலான கால்சைட்டைப் பொறுத்தோ அது வரம்பைத் தாண்டியிருக்கிறது (மிகைநிறைவு); எனவே கால்சைட் படிய வாய்ப்புண்டு, படிந்தால் நீரில் கால்சியம் குறையும். களிமண் கனிமங்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவிப்பதாலும் அது குறையலாம். இவ்விரண்டும் சேர்ந்தே ஃபுளோரைடு சேர வழிவிட்டன என்று கருதுகிறோம். pH உயர்ந்த கிணறுகளில் ஃபுளோரைடும் பொதுவாக உயர்ந்திருந்தது (r = 0.62, p < 0.01).

இதில் நான் கவனித்துச் செய்த முக்கியமான வேலை "அளந்தபோது", "எங்கள் கணக்கின்படி", "கருதுகிறோம்" என்ற மூன்று இடங்களும்தான். மூலத்தில் "ஏதுவாகின்றன" என்று உறுதியாக இருந்தது. நம் துறைக்காரர் அதைப் படித்ததுமே இது ஊகம் என்று புரிந்துகொள்வார். கால்சைட் படிந்ததை யாரும் நேரில் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். மருத்துவருக்கு அது தெரியாது. அதனால் "கருதுகிறோம்" என்று சேர்ப்பது கூற்றை நீர்த்துப்போகச் செய்வதாகாது. துறைக்குள் சொல்லாமலே புரிந்துகொள்வதை வெளியாளுக்கு எழுத்தில் தருகிறோம். என்னைக் கேட்டால், வேறு துறையினருக்காக எழுதும் பத்தி இந்த ஒரு விஷயத்தில் மூலத்தைவிடக் கூடுதல் துல்லியமாகத்தான் இருக்க வேண்டும்.

துறைச்சொற்களில் இரண்டை மட்டும் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன். கட்டுரையின் அட்டவணையிலும் படத்திலும் அவை திரும்ப வரும், வாசகர் அங்கே அடையாளம் காண வேண்டும். விளக்கம் முதலில், சொல் பிறகு என்ற வரிசை முக்கியம். சொல்லை முதலில் வைத்தால் அங்கேயே வாசகர் நின்றுவிடுவார். "வீழ்படிவு", "நீர்த்தாங்கி" போன்றவை மறுபடி வரவில்லை, எடுத்துவிட்டேன். "குறிப்பிடத்தக்க" என்பதையும் எடுத்துவிட்டேன். p மதிப்பு கூடவே இருக்கும்போது அந்தச் சொல் புள்ளியியல் படிக்காதவருக்கு "பெரிய" என்ற அர்த்தத்தை மட்டுமே தரும்.

நீங்கள் மட்டுமே நிரப்பக்கூடிய ஓட்டை ஒன்று இருக்கிறது. "அதிகம்" என்றால் எதைவிட? மருத்துவரின் முதல் கேள்வி இதுதான். உங்கள் கிணறுகளின் செறிவு எதிலிருந்து எதுவரை என்று லிட்டருக்கு மில்லிகிராமில் எழுதி, பக்கத்திலேயே ஒப்பிட ஓர் அளவைக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இல் ஏற்கத்தக்க வரம்பு 1.0, வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5. எந்த அளவோடு ஒப்பிடுகிறீர்கள் என்று சொல்லாவிட்டால், 1.2 உள்ள கிணற்றை ஒருவர் ஆபத்து என்பார், இன்னொருவர் பரவாயில்லை என்பார்.

எழுதி முடித்ததும் இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். உங்கள் துறைக்காரர் ஒருவருக்கு மூலத்தைக் காட்டாமல் புதிய பத்தியை மட்டும் கொடுத்து, அளந்தது எது, கணக்கிட்டது எது, ஊகம் எது என்று எழுதச் சொல்லுங்கள். அவர் பட்டியல் உங்கள் பட்டியலோடு பொருந்தாத இடத்தில் பத்தி வழுக்குகிறது. அப்புறம் வெளியாள் ஒருவரிடம், "இதை வைத்து என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காவது புரிகிறது என்பார்கள். "அப்படியானால் தண்ணீரில் கால்சியம் சேர்த்தால் போதுமே" என்று பதில் வந்தால், ஊகத்தைத் தீர்வாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். "கருதுகிறோம்" வாக்கியத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

பத்தி மூலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளும், அது தவிர்க்க முடியாதது. இதழ் சொல் எண்ணிக்கையில் கறாராக இருந்தால் pH வாக்கியத்தை முழுவதுமாக அட்டவணைக்கு அனுப்பிவிடுங்கள். மற்ற வாக்கியங்களிலிருந்து "வாய்ப்புண்டு", "குறையலாம்" போன்றவற்றை உருவி இடம் மிச்சப்படுத்தாதீர்கள்.